விடியப்புறத்தில் வர ஏலாமல் போனால்: கோல் எடுப்பதா, மெசேஜ் போடுவதா?

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் டியூட்டி ரோஸ்டர் எழுதுகிறவள். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு தேயிலை ஸ்டோரில் ஓபிஸ் வேலை. இரண்டு இடத்திலும் "இன்றைக்கு வர ஏலாது" என்ற சொல் முதலில் வந்து விழுவது என் போனில்தான். போன வாரம், அப்படியான நாளில் மெசேஜோடு நிற்காமல் கோல் எடுங்கள் என்று கொஞ்சம் எழுதினேன், அதற்குக் கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஹட்டனில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, எனக்கு விடிய 6 மணிக்கு வேலை. 4.30 போலப் பிள்ளைக்குக் காய்ச்சலும் வாந்தியும். அந்த நேரத்தில் சூப்பர்வைசரை எழுப்புவது மரியாதை இல்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். நான் செய்தது சரிதானே?

பிள்ளையைப் பார்த்தது சரி. வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு நிறுத்தியதுதான் சரியில்லை. ஏன் என்று எங்கள் கிச்சனை வைத்தே சொல்கிறேன்.

காலைச் சாப்பாட்டுக்கு 6 மணிக்கு மூன்று பேர் உள்ளே நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தால் கூப்பிடுவதற்கு என்னிடம் இரண்டு பெயர் இருக்கிறது. ஒருவர் நானுஓயா, மற்றவர் தலவாக்கலை. நானுஓயாக்காரர் எழும்பி முகம் கழுவி வெளிக்கிட அரை மணித்தியாலம், த்ரீவீலரில் வந்து சேர இருபது நிமிஷம், குளிர்காலத்தில் பனிமூட்டம் இருந்தால் இன்னும் பத்து நிமிஷம். ஆக அவருக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். தலவாக்கலைக்காரர் பஸ் பிடித்து வர வேண்டும், அவரை 6 மணிக்கு நினைத்தே பார்க்க ஏலாது. அப்படியென்றால் நான் 5 மணிக்கு முன்னால் நானுஓயாவுக்குக் கோல் எடுத்தாக வேண்டும். 5 மணி தாண்டினால் எனக்குத் தெரிந்தும் ஒன்றுதான், தெரியாமல் இருந்தும் ஒன்றுதான், அன்றைக்கு இரண்டு பேரோடுதான் காலைச் சாப்பாடு.

இப்போது உங்கள் மெசேஜை அதற்குள் வைத்துப் பாருங்கள். 4.40க்குப் போடுகிறீர்கள். என் போன் ஜன்னல் ஓரத்தில் சார்ஜில் கிடக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அங்கே மட்டும்தான் சிக்னல். மெசேஜ் வரும்போது "டிங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் எழும்புவது 5.15க்கு. நீங்கள் நேரத்தோடு அறிவித்திருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அது பதினைந்து நிமிஷம் பிந்தி வந்திருக்கிறது. அதே 4.40க்குக் கோல் எடுத்திருந்தால் முதல் தடவை நான் தூக்காமல் விட்டாலும் இரண்டாம் தடவை மணி அடிக்கும்போது எழும்பியிருப்பேன். 4.46க்கு உங்களோடு கதைத்து 4.50க்கு நானுஓயாவுக்கு எடுத்தால் அவர் 5.50க்கு வாசலில் நிற்பார்.

ஆகவே மரியாதையை வைத்து இதைத் தீர்மானிக்க வேண்டாம். உங்களுக்குப் பதிலாக ஒருவரைக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் வேலையிடத்தில் ஒரு நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தை வேலை தொடங்கும் நேரத்திலிருந்து கழியுங்கள். எங்கள் கிச்சனுக்கு அது காலை 5 மணி. அந்த மணிக்குள் மேலே உள்ளவர் கண்ணில் மெசேஜ் படும் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் கோல்தான். பகல் 2 மணி வேலைக்காரர் விடிய 7 மணிக்கு மெசேஜ் போட்டால் எனக்குப் போதும், நான் டீ குடிக்கும்போதே பார்த்துவிடுவேன். ஆனால் அவருக்கும் ஒன்று சொல்லுவேன்: 10 மணிக்குள் நான் "சரி" என்று எழுதாவிட்டால் கோல் எடுக்க வேண்டும். மெசேஜ் போடும்போதே மனதில் ஒரு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவரை பதில் வராவிட்டால் போனைக் காதில் வையுங்கள்.

பிள்ளைக்கு இப்போது சுகமா?

பண்டாரவளை, கடையில் வேலை செய்யும் தம்பி: நீல டிக் விழுந்தால் பார்த்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? அதற்குப் பிறகு கோல் எதற்கு? டிக்கை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தால் பிறகு ஒருத்தரும் பேச ஏலாது.

பாதி சரி, தம்பி. ஒரு டிக் என்றால் உங்கள் போனை விட்டுப் போய்விட்டது, அவர் போனுக்குப் போகவில்லை. இரண்டு டிக் என்றால் அவர் போனில் இருக்கிறது. நீலம் என்றால் அந்த உரையாடலைத் திறந்திருக்கிறார்கள். திறந்தது யார் என்று டிக்குக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் விடியப்புறம் என் போனைத் தூக்குவது என் சின்ன மகன், கார்ட்டூன் பார்க்க. இன்னொன்று, நீல டிக் காட்டாதபடி நிறுத்தி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாசித்தாலும் உங்களுக்குச் சாம்பல் நிறமாகவேதான் இருக்கும்.

சண்டை வந்தால் ஸ்கிரீன்ஷொட் உதவும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அது பிறகு பேசுவதற்கு. காலையில் வேண்டியது, மேலே உள்ளவர் வாயால் "சரி, நான் ஆளைப் பார்க்கிறேன்" என்று சொல்வது. அதை டிக் சொல்லாது.

நாவலப்பிட்டி, டவர் வேலை பார்க்கும் அண்ணன்: கேள்வி இல்லை தங்கச்சி, ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வந்தேன். மலையில் ஒரு கோடு சிக்னல் இருக்கிற இடத்தில் டேட்டா ஓடாது, அதே இடத்தில் சாதாரணக் கோல் போகும். கோலும் அறுந்து அறுந்து போனால் எஸ்.எம்.எஸ். போகும், ஏனென்றால் அதற்கு ஒரு நொடி சிக்னல் கிடைத்தால் போதும். அப்புறம் வாட்ஸ்அப் கோலில் திரையைப் பாருங்கள். Calling என்றே நின்றால் அந்தப் பக்கத்துப் போனுக்கு இன்னும் எட்டவில்லை. Ringing என்று மாறினால்தான் அங்கே மணி அடிக்கிறது.

இது நான் எழுதியதை விட நல்ல விளக்கம், நன்றி அண்ணே. வாட்ஸ்அப்பில் பத்துத் தரம் எடுத்தும் தூக்கவில்லை என்று என்னிடம் கோபித்தவர்கள் உண்டு. என் போனில் பார்த்தால் ஒன்றும் வந்திருக்காது. இப்போதுதான் காரணம் புரிகிறது. எல்லாரும் இதைக் கவனியுங்கள்: லீவு சொல்லுவதற்கு வாட்ஸ்அப் கோல் வேண்டாம், நம்பரை அடித்துச் சாதாரணக் கோல் எடுங்கள். டேட்டா கார்ட் மட்டும் போட்டுவிட்டுக் கோல் காசு இல்லாமல் இருப்பவர்கள் ஐம்பது ரூபாயாவது எப்போதும் போனில் வைத்திருங்கள். விடிய 4 மணிக்கு ரீலோட் கடை திறந்திருக்காது.

கரண்ட் போன இரவுகளைப் பற்றியும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். கரண்ட் இல்லாமல் டவர் கொஞ்ச நேரம் பெட்டரியில் ஓடும், பிறகு அதுவும் நிற்கும். மழை பெலத்த நாளில், கரண்ட் போய் ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது, நாளைக்குப் போக முடியாது போலிருக்கிறது என்று பட்டால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே கோல் எடுத்துவிடுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் ரோடு, கரண்ட், போன் மூன்றும் ஒன்றாகப் போனது நமக்கெல்லாம் தெரியும். எங்கள் ஆட்களில் முதல் நாள் இரவே கோல் எடுத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. விடிய மெசேஜ் போட்ட இருவருடையது நாட்கள் கழித்துத்தான் வந்தது. அதுவரை அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் இருந்தோம். வேலைக்கு ஆள் வேண்டும் என்ற பேச்சே அந்த நாட்களில் இல்லை.

பதுளை, தாதி: நீங்கள் சொல்வது ஹோட்டலுக்குச் சரி. எங்களுக்கு இரவு 2 மணிக்குத் தெரிந்தாலும் அந்த நிமிஷமே கோல்தான், விடியப்புறம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? வார்டில் எந்நேரமும் ஒருவர் முழித்துத்தானே இருப்பார்?

உண்மை. நான் இதுவரை ஆளுக்குக் கோல் எடுப்பதைப் பற்றியே யோசித்திருக்கிறேன், இடத்துக்குக் கோல் எடுப்பதை எழுதவில்லை. இரவு வேலை நடக்கிற இடமென்றால், வார்டோ ஹோட்டல் ரிசெப்ஷனோ தேயிலை ஸ்டோரோ, அங்கே போன் தூக்க ஆள் உண்டு. தூங்குகிறவரை எழுப்பாமல் முழித்திருப்பவரிடம் சொல்லலாம், அவர் எழுதி வைத்து உரிய நேரத்தில் சொல்லுவார். ஆனால் அவர் பெயரைக் கேட்டு வையுங்கள். "நைட்ல யாரோ எடுத்தாங்க" என்று பிறகு சொன்னால் அந்த யாரோவைத் தேடவே அரை நாள் போய்விடும். அப்படிச் சொன்ன பிறகும் பொறுப்பானவருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், அவர் எழும்பும்போது கண்ணில் படட்டும்.

இரவில் ஆள் இல்லாத இடமென்றால் நான் சொல்வது இதுதான்: 2 மணிக்குத் தெரிந்தால் 2 மணிக்கே மெசேஜ் போட்டுவிட்டு, 4.30க்கு அலாரம் வைத்துக் கோல் எடுங்கள். இரவு 2 மணிக்கே எழுப்பிவிட்டால் நல்லது என்று சொல்லும் சூப்பர்வைசர்களையும் எனக்குத் தெரியும், என்னை எழுப்பினால் பிறகு எனக்குத் தூக்கம் வராது. இதை உங்கள் இடத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொட்டகலையில் இருந்து: அக்கா, நான் கோல் எடுத்துச் சொன்னேன், பிறகும் அந்த நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். கோல் எடுத்தால் சம்பளம் கிடைக்கும் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?

அப்படி எழுதவில்லை தம்பி. அறிவிப்பது வேறு, அந்த நாளுக்கு லீவு பாக்கி இருக்கிறதா என்பது வேறு. கடை, ஓபிஸ் ஊழியர் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு வருஷத்துக்கு 7 நாள் சமயோசித லீவு உண்டு, வேலையில் சேர்ந்த முதல் வருஷத்தில் இரண்டு மாதம் முடிந்தால் ஒரு நாள் என்ற கணக்கு. தோட்டத்துக்கும் பெக்டரிக்கும் வேறு ஏற்பாடு. உங்களுடையது எது என்று நியமனக் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் கோல் மட்டும் எடுத்திருக்கிறீர்கள், எழுத்தில் ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு எழுதுகிறவருக்கு உங்கள் கோல் தெரியாது, கோல் தூக்கியவருக்கும் இருபது நாள் கழித்து ஞாபகம் இருக்காது. ஆகவே கதைத்து முடித்த கையோடு, போனை வைக்காமல் இப்படி ஒரு மெசேஜ்:

"இன்று (செவ்வாய்) காலை 4.46க்கு உங்களோடு கதைத்தேன். மகளுக்குக் காய்ச்சல், இன்றைய 6 மணி டியூட்டிக்கு வர முடியாது. நாளை வருவேனா என்று இன்று மாலை 5 மணிக்குள் சொல்கிறேன். ஸ்டோர் ரூம் சாவி ரிசெப்ஷனில் இருக்கிறது."

கதைத்த நேரம், எந்த டியூட்டி, எப்போது மறுபடி சொல்வீர்கள், கையில் என்ன இருக்கிறது. இவ்வளவு போதும். கோல் அந்தக் காலையைக் காப்பாற்றும், மெசேஜ் அந்த மாதத்தைக் காப்பாற்றும். இரண்டும் வேண்டும்.

சாவியைப் பற்றி எழுதியது சும்மா இல்லை. போன வருஷம் ஒரு பிள்ளை ஒழுங்காகக் கோல் எடுத்தாள், நானும் மாற்று ஆளைப் போட்டேன், பார்த்தால் துணி அலுமாரிச் சாவி அவள் ஹேன்ட்பேக்கில். பன்னிரண்டு ரூமுக்கு விரிக்கத் துணி இல்லாமல் 11 மணிவரை நின்றோம். கோலில் அதைக் கேட்காமல் விட்டது என் பிழையும்தான், அன்றிலிருந்து யார் எடுத்தாலும் "உங்கள் கையில் ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறேன்.

நோர்வூட், இருபது வயதுப் பையன்: எனக்குச் சிங்களம் சரியாக வராது. மேலே இருக்கிற சேர் சிங்களம் மட்டும்தான். அதனால்தான் மெசேஜ், அதையும் கூட்டாளி எழுதித் தருவான். கோல் எடுக்கச் சொன்னால் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை நீ கேட்டது எனக்கு மிகவும் சந்தோஷம், தம்பி. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கோல் எடுக்காததற்கு உண்மையான காரணம் இதுதான், வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை.

நீ அங்கே நீளமாகக் கதைக்கத் தேவையில்லை. கோலின் வேலை ஒன்றுதான், நீ இன்றைக்கு இல்லை என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரிவது. "சேர், மட்ட அத என்ன பே. அம்மாட்ட அசனீபய்." சேர், எனக்கு இன்றைக்கு வர ஏலாது, அம்மாவுக்குச் சுகமில்லை என்று அர்த்தம். இரண்டு வரி. உன் பெயரையும் எத்தனை மணி டியூட்டி என்பதையும் முன்னால் சொல். ஒரு தாளில் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வை, பதற்றத்தில் தெரிந்த பாஷையே மறந்து போகும். அவர் ஏதாவது திருப்பிக் கேட்டு உனக்கு விளங்காவிட்டால் "மெசேஜ் எகக் தானவா சேர்", மெசேஜ் ஒன்று போடுகிறேன் சேர், என்று சொல்லிவிட்டு விவரத்தைக் கூட்டாளியைக் கொண்டு எழுதி அனுப்பு. அவர் எழும்பிவிட்டார், உன் மெசேஜை உடனே பார்ப்பார், உனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூட்டாளியைக் கொண்டே கோல் எடுக்கலாமா என்றும் யோசிப்பாய். எடுக்கலாம், ஆனால் நீ பக்கத்தில் நின்று உன் போனில் இருந்து எடு. அவன் நம்பரில் இருந்து போனால் "யார் நீ?" என்று தொடங்கி அங்கேயே நேரம் போய்விடும், சிலர் தெரியாத நம்பரைத் தூக்குவதே இல்லை.

மஸ்கெலியா, தோட்டத்தில் இருந்து: நாங்கள் மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள். எங்களுக்கும் இந்தக் கோல் கணக்கெல்லாம் உண்டா? கங்காணியிடம் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுச் சொல்லி அனுப்புகிறோம்.

அது போதும் அக்கா. மலையில் ஒருவர் குறைந்தால் அன்றைய கொழுந்து குறையும், காலையில் பெயர் போடும் பெரட்டில் உங்கள் இடத்துக்கு வேறு ஒருவரைத் தேடி ஓட மாட்டார்கள். பெரட்டு முடிவதற்குள் கங்காணிக்குத் தெரிந்தால் சரி. ஒன்று மட்டும், சொல்லி அனுப்பும் பிள்ளை ஸ்கூலுக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிடக்கூடும், திரும்பி வந்து "சொல்லிட்டேன்" என்று சொல்லச் சொல்லுங்கள்.

ஸ்டோரில் வேலை செய்கிற உங்கள் ஆட்களுக்குக் கதையே வேறு. நான் ஸ்டோர் ஓபிஸில் இருந்தபோது அடுப்புப் பார்க்கிறவர் ஒரு நாள் வரவில்லை. சொல்லி அனுப்பியிருக்கிறார், அது எங்களுக்கு வந்து சேரவில்லை. வாட்டுத் தட்டில் முதல் நாள் மாலையில் போட்ட கொழுந்து அரைக்கத் தயாராக இருக்கிறது, அதை அரைத்துவிட்டால் புளிக்கத் தொடங்கும், புளித்ததைக் காய்ச்சும் மெஷினில் போட்டே ஆக வேண்டும், மெஷினுக்குச் சூடு வேண்டும், சூட்டுக்கு அடுப்பு பற்ற வேண்டும். டீமேக்கர் அரைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அரைக்காமல் விட்டாலும் கொழுந்து கூட வாடிவிடும். கடைசியில் லயத்துக்கு ஆளை ஓட்டி, பழைய அடுப்புக்காரர் ஒருவரைத் தூக்கத்தில் இருந்து எழுப்பிக் கொண்டுவந்தார்கள். அன்றைய தேயிலை ருசி பார்க்கும்போது டீமேக்கர் முகத்தைப் பார்க்க ஏலவில்லை.

ஆகவே உங்கள் வேலை முடிந்தால்தான் அடுத்தவர் வேலை தொடங்கும் என்றால், அடுப்பு, வாட்டு, லொறி டிரைவர், பிள்ளைக்காம்பரா ஆயம்மா, இவர்களெல்லாம் யாரையும் விட்டுச் சொல்லாமல் நேரே கோல் எடுங்கள். ஆயம்மாவைச் சேர்த்தது ஏன் என்றால், அவர் வராவிட்டால் பத்துத் தாய்மார் கைப்பிள்ளையோடு வாசலில் நிற்பார்கள்.

வெலிமடை: குரூப்பில் போட்டால் போதாதா? சூப்பர்வைசரும் அதில் இருக்கிறார். வொய்ஸ் நோட்டும் போடலாமே, அதுவும் குரல்தானே?

குரூப்பில் போட்டால் எல்லாரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் குரூப்பில் விடிய 5 மணிக்கே காலை வணக்கப் படங்கள் தொடங்கிவிடும், அதற்குள் உங்கள் செய்தி மூழ்கிவிடும். தனியாகப் போடுங்கள். பிள்ளையின் வருத்தத்தை நாற்பது பேர் வாசிக்கத் தேவையும் இல்லை.

வொய்ஸ் நோட் மெசேஜ்தான், கோல் இல்லை. இன்னும் சொன்னால் மெசேஜை விடவும் மோசம். எழுத்தைப் பஸ்ஸில் நின்றபடியே ஒரு பார்வை பார்க்கலாம், வொய்ஸ் நோட்டைக் கேட்க ஓர் இடம் தேட வேண்டும். அதிலும் "சேர் வணக்கம், எப்படி இருக்கிறீங்க, நேற்று ராத்திரி என்ன நடந்தது என்றால்" என்று தொடங்கி, வர ஏலாது என்பது கடைசி ஐந்து நொடியில் வரும்.

ராகலை: நாளை மறுநாள் கண்டிக்கு கிளினிக். இதற்கும் கோலா?

வேண்டாம். முன்கூட்டித் தெரிந்தது எல்லாம் எழுத்தில், திகதியோடு. கிளினிக் கொப்பியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இதற்குக் கோல் எடுத்தால்தான் மறந்துபோவோம், நானே மறந்திருக்கிறேன்.

லிந்துல, தாயார்: என் மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தங்குமிடத்தில் இருந்து மெசேஜ் போட்டாளாம், கடையில் நம்பவில்லை, நடிக்கிறாள் என்று சொன்னார்களாம். கோல் எடுத்தால் நம்புவார்களா?

அம்மா, கோலில் குரல் கேட்கும், இருமல் கேட்கும், அந்த வகையில் நம்பிக்கை கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். நானே கோலில் கேட்டவுடன் "சரி, படுங்கள்" என்று சொல்வதுண்டு, மெசேஜில் அது வருவதில்லை. ஆனால் நம்பாத மனிதரை நம்பவைக்கக் கோல் போதாது. அதற்கு வைத்தியரின் துண்டுதான். மகளிடம், காலையில் கோல், கதைத்ததும் ஒரு மெசேஜ், பகலில் வைத்தியரிடம் போனால் அந்தத் துண்டின் படம், இந்த மூன்றையும் அதே நாளிலேயே அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த நாள் கொண்டுபோய் நீட்டினால் பிறகு எடுத்தது என்பார்கள்.

குரலே வரவில்லை என்றாலோ, காது கேளாதவர் என்றாலோ கோல் எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது முறையில்லை. அப்படியானவர்கள் எங்கள் இடத்தில் இருவர் இருக்கிறார்கள். அவர்கள் எஸ்.எம்.எஸ். போடுவார்கள், அவர்கள் இருவரின் நம்பருக்கு மட்டும் என் போனில் பெலத்த சத்தம் ஒன்று வைத்திருக்கிறேன். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், வருத்தம் வந்த காலையில் பேச ஏலாது.

ஹப்புத்தளை: நான் கோல் எடுத்தாலும் எங்கள் ஆள் தூக்க மாட்டார். வேண்டும் என்றே விடுகிறார். தூக்கினால் ஏச்சு. பிறகு "நீ சொல்லவே இல்லை" என்று ரெட்டில் போட்டுவிடுவார். என்ன செய்ய?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

ஐந்து நிமிஷ இடைவெளியில் இரண்டு கோல். பிறகு அவருக்கு அடுத்தவர், அல்லது அந்த இடத்தின் நம்பர். யாராவது ஒருவர் தூக்கும்வரை நிறுத்தாதீர்கள். பிறகு முதலாமவருக்கு எஸ்.எம்.எஸ்.: "4.40, 4.45 இரண்டு தடவை எடுத்தேன், கிடைக்கவில்லை. ரிசெப்ஷனில் இன்னாரிடம் 4.50க்குச் சொல்லிவிட்டேன்." கோபம், குற்றச்சாட்டு ஒன்றும் அதில் வேண்டாம், நேரங்கள் மட்டும் இருக்கட்டும். போனின் கோல் பட்டியலை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், பழைய கோல்கள் கொஞ்ச நாளில் அழிந்துபோகும்.

நானும் ஒரு தடவை அந்தப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருவர் 4.12க்கு மெசேஜ் போட்டிருக்கிறார், அன்றைக்கு எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, எனக்கு அது 7.05க்குத்தான் வந்தது. அதற்குள் ரோஸ்டர் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் வராதவர் என்று எழுதிவிட்டேன். பார்த்ததும் வெட்டிவிட்டு மேலே நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வெட்டு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் ஆள் அப்படி வெட்டி எழுத மாட்டார் என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன். அவருக்கு மேலே ஒருவர் இருப்பார் அல்லவா, அவர் யார், அவரிடம் நீங்கள் போக முடியுமா என்று எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.